ஜிம் கூரைக்கு மேலே மிதந்த வீடுகள்: சான் ஆண்ட்ரியாஸில் இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்கள்?

பெரம்பூர்_ஜெட்பேக் · இரவு 9:14

2006-ல் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆடுவோம். எங்களைவிட மூத்த பையன் ஒருவன் அன்று ஒரு வித்தை காட்டினான். கேமில் வரும் கேன்டன் பேட்டையின் ஜிம்முக்குள் போய் நின்றுகொண்டு `ROCKETMAN` என்று அடித்தான். முதுகில் ஜெட்பேக் வந்தது. அதோடு கூரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் முட்டினான். முட்டவில்லை, நேராக மேலே போய்விட்டான்.

வெளியே நகரம் இல்லை. வெறும் வானம்தான். அந்த வானத்தில் அங்கங்கே பெட்டி பெட்டியாக வீடுகள் மிதந்தன. ஒன்றில் ஒரு சோபா மட்டும் கிடந்தது. மற்றொன்றில் சமையலறை மாதிரி ஏதோ இருந்தது. அதற்குள் என் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது.

நேற்று தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, அது டீபக் ரூம். டெவலப்பர்கள் டெஸ்ட் செய்துவிட்டு அழிக்க மறந்திருப்பார்கள்" என்றான். நிஜமாகவே மறந்துதான் விட்டார்களா? இதையெல்லாம் ஆட்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கூரையில் எங்கே ஓட்டை என்று ஒவ்வொரு அங்குலமாக முட்டியா பார்ப்பார்கள்?

---

வைரஸ்_வெங்கி · இரவு 9:31

தலைவா, அது டீபக் ரூம் இல்லை, அதைவிடப் பெரிய விஷயம். அந்த வானத்தில் முழு லிபர்ட்டி சிட்டியும் இருக்கிறது. முந்தைய கேமில் வந்த நகரத்தை இதிலும் சேர்க்க நினைத்து, நேரம் போதாமல் மேலே ஒளித்துவைத்துவிட்டார்கள். நானே வீடியோவில் பார்த்திருக்கிறேன். பிக்ஃபுட் என்ற காட்டு மனிதனும் காட்டுக்குள் உண்டு. மவுண்ட் சிலியட் பக்கம் பனிமூட்டம் வரும்போது போக வேண்டும், அவ்வளவுதான்.

---

அனு_அடையாறு · இரவு 9:58

வெங்கி சொல்வதில் பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஜெட்பேக்கின் கேள்வி. நான் கல்லூரியில் படித்தபோது சாம்ப் சர்வர் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: சான் ஆண்ட்ரியாஸைப் பல பேர் சேர்ந்து ஆடுவதற்காக ரசிகர்கள் செய்தது அது. அதில் ஆளை ஜிம்முக்குள் அனுப்ப இந்த இரண்டு வரி போதும்:

```
SetPlayerInterior(playerid, 5);
SetPlayerPos(playerid, 772.11, -3.90, 1000.73);
```

இரண்டாவது வரியில் கடைசி எண்ணைப் பாருங்கள். அது உயரம். கேன்டன் தெருவில் நீங்கள் நடக்கும்போது உயரம் ஏறக்குறைய 13. ஜிம்முக்குள் 1000. மஞ்சள் அம்புக்குறியைத் தொட்டதும் திரை ஒரு நொடி கறுத்துப்போகும் இல்லையா, அந்த நொடியில் உங்களை வானத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள்.

அதனால் நீங்கள் பார்த்தது ஜிம்முக்கு மேலே இருந்தது இல்லை. ஜிம்மே மேலேதான் இருக்கிறது. அதுவும் நேர் மேலே கிடையாது. தெருவில் கதவு இருப்பது கிழக்கே 2230, தெற்கே 1721 பக்கம். உள்ளறை இருப்பது 772-லும் பூஜ்யத்தை ஒட்டியும். கேமில் ஓர் அலகை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பெரம்பூரில் கதவைத் திறந்து, மூலக்கடைக்கு மேலே ஆகாயத்தில் கால் வைத்த கதைதான்.

முதல் வரியில் இருக்கும் 5 தான் இதில் சூட்சுமம். உள்ளறைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. திறந்தவெளி நகரம் 0. ஆளின் எண் 5 என்றால், 5 என்று குறிக்கப்பட்டதைத்தான் கேம் வரைந்து காட்டும். கூரை வழியாக வெளியே போனபோது நீங்கள் கதவைத் தொடவில்லை. அதனால் உங்கள் எண் 5 ஆகவே இருந்தது. நகரம் 0 என்பதால் மறைந்துவிட்டது. வானத்தில் வேறெங்கோ இருந்த, அதே 5 எண் கொண்ட வீடுகள் மட்டும் தெரிந்தன.

ஆக, அது மறந்துபோன அறை இல்லை. எல்லா அறைகளையும் அடுக்கிவைத்திருக்கும் பரண். நீங்கள் ஏணி இல்லாமல் பரணில் ஏறிவிட்டீர்கள்.

---

பெரம்பூர்_ஜெட்பேக் · இரவு 10:07

இருபது வருடமாக ஜிம்முக்கு மேலே என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்! சரி, அந்த சோபா வீடு? அதற்குள் போக எனக்கு எந்தக் கதவும் கிடைத்ததே இல்லை.

---

அனு_அடையாறு · இரவு 10:15

பெரும்பாலும் திருட்டு மிஷனுக்கான வீடாக இருக்கும். ராத்திரியில் வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புகுந்து டிவி தூக்குவோமே, அதற்குச் சில உள்ளறைகளைத்தான் ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். சாம்ப் ஆட்கள் வைத்திருந்த உள்ளறைப் பட்டியலில் "பயன்படுத்தாத சேஃப் ஹவுஸ்" என்றே ஒரு வரி உண்டு. அதற்கு எந்தத் தெருவிலும் கதவு கிடையாது. கோடு போட்ட வீடு, குடி வராத வீடு.

---

குரோம்பேட்டை_ராஜா · இரவு 10:22

அண்ணா, என் மொபைலில் டெவலப்பர் ஆப்ஷன் ஆன் செய்திருக்கிறேன். பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினேன். இப்போது ஜிடிஏ திறந்தால் டீபக் ரூம் வருமா? இன்னொன்று, லோடிங் ஸ்கிரீனோடு கேம் மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

---

தரமணி_டெஸ்டர் · இரவு 10:40

ராஜா, அது உங்கள் போனுக்கான டெவலப்பர் மெனு. கேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிராஷ் ஆவதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி.

நான் ஓஎம்ஆரில் கேம் டெஸ்டராக ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜெட்பேக் கேட்ட "மறந்துவிட்டார்களா" என்பதற்கு என் பதில்: மறப்பதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பயந்துதான் விடுகிறார்கள்.

பர்மா பஜாரில் வாங்கிய ரிப் டிஸ்க் ஞாபகம் இருக்கிறதா? முழு கேமைக் குறைத்து ஒரே சிடியில் அடைத்திருப்பார்கள். ரேடியோ ஒலிக்காது, கட்சீன் வராது. அந்த ரிப் செய்தவர்கள் பாட்டு ஃபைலை வெறுமனே அழித்திருந்தால் காரில் ஏறியதுமே கேம் விழுந்துவிடும். கேம் அந்த ஃபைலைப் பெயர் சொல்லியோ எண் சொல்லியோ கேட்கிறது, கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அதே பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத காலி ஃபைலை வைத்துவிடுவார்கள்.

கேம் செய்பவர்களுக்கும் கடைசி மாதத்தில் இதே நிலைமைதான். ஒரு மிஷனைத் தூக்க வேண்டும் என்று முடிவாகிறது. அதன் ஸ்கிரிப்டை அழிக்கலாம். ஆனால் அதில் வரும் ஓர் அசைவை வேறு மிஷன் எங்காவது கேட்கிறதா? அதன் வசனங்களை அழித்தால் மற்ற வசனங்களின் வரிசை எண் நகருமா? இதற்கெல்லாம் பதில் தெரிய வேண்டுமென்றால் மொத்த கேமையும் மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரிடம் அவகாசம் இருக்கிறது? "கதவை மட்டும் சாத்திவிடு" என்பார்கள். நானே மீட்டிங்கில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

---

மாம்பலம்90 · இரவு 11:02

வரிசை எண் நகரும் என்று டெஸ்டர் சொன்னதற்கு என்னிடம் பழைய சான்று ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த மெகா டிரைவில் சோனிக் 2 ஆடியவன் நான். அது 1992-ல் வந்த கேம். ஆப்ஷன்ஸில் சவுண்ட் டெஸ்ட் என்று ஒன்று இருக்கும். அதில் 19, 65, 09, 17 என்று வரிசையாக ஒலிக்கவிட்டால் மோதிரச் சத்தம் வரும். அப்புறம் டைட்டிலில் ஏ பட்டனை அழுத்தியபடி ஸ்டார்ட் கொடுத்தால் எந்த லெவலுக்கும் போகலாம். அந்த எண்கள் புரோகிராமர் யூஜி நாகாவின் பிறந்த நாள், 1965 செப்டம்பர் 17.

சவுண்ட் டெஸ்டில் 10-ஐ வைத்தால் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டு கேமில் எந்த லெவலிலும் வராது. எனக்கு அது பெரிய உறுத்தல். பிற்பாடுதான் தெரிந்தது, அது ஹிடன் பேலஸ் என்ற லெவலுக்கானது. கேம் வெளிவரும் முன்பே பத்திரிகைகளில் அதன் படம் வந்திருந்தது. கடைசியில் வெட்டிவிட்டார்கள். ஆனால் லெவல்களின் உள் எண்வரிசையில் 08 அதற்கென்று அப்படியே இருக்கிறது. 07 ஹில் டாப், 0A ஆயில் ஓஷன். நடுவில் காலி நாற்காலிகள். கேமை ஏமாற்றும் சீட் கார்ட்ரிட்ஜ் வைத்து எண்ணை 08 ஆக மாற்றினால் பெயர்ப்பலகை வரும், அந்தப் பாட்டும் வரும். கால் வைக்கத் தரை இருக்காது. சோனிக் விழுந்து செத்துப்போகும்.

2013-ல் வந்த மொபைல் பதிப்பில் அந்த லெவலை முழுதாகக் கட்டி உள்ளே சேர்த்தார்கள். மிஸ்டிக் கேவில் விழுந்தால் ஏறவே முடியாத முள் குழி ஒன்று உண்டே, அதுதான் இப்போது அதற்கு வாசல்.

---

வைரஸ்_வெங்கி · இரவு 11:10

சோனிக் கதை நல்ல கதைதான் சார். ஆனால் என் லிபர்ட்டி சிட்டிக்குப் பதில் வரவில்லை. பிக்ஃபுட்டுக்கும்.

---

அனு_அடையாறு · இரவு 11:35

வருகிறேன். லிபர்ட்டி சிட்டி வானத்தில் இருப்பது உண்மை, அது உங்கள் பாதி. முழு நகரம் என்பது பொய். "செயின்ட் மார்க்ஸ் பிஸ்ட்ரோ" மிஷனில் கேமின் நாயகன் சிஜே விமானம் ஏறி லிபர்ட்டி சிட்டிக்குப் போவானே, அந்த ஒரு மிஷனுக்காகச் செய்த தெருமுனை அது. பனி போட்ட ஒரு தெருத்துண்டு, ஒரு ஹோட்டல் முகப்பு. தெருவில் நடந்து பார்க்கலாம் என்று போனால் பெரும்பகுதி தாங்காது, சினிமா செட் மாதிரி. வெட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. மிஷனில் ஒரே ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிக்ஃபுட் விஷயத்தில் எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்கிறேன். இந்த கேமில் ஊருக்குள் தானாக நடமாடும் ஒவ்வோர் ஆளும் `peds.ide` என்ற ஃபைலில் ஒரு வரியாக இருக்க வேண்டும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். உருவமும் மேல்தோலும் `gta3.img` என்ற மூட்டைக்குள் இருக்க வேண்டும். அவனைத் தனியாகக் கொண்டுவருவதென்றால் அந்தக் கட்டளை `main.scm` என்ற ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். மூன்றிலும் இல்லாதவன் காட்டிலும் இருக்க மாட்டான். பனிமூட்டத்தில் எத்தனை ராத்திரி காத்திருந்தாலும் அவ்வளவுதான்.

ஜெட்பேக் கேட்டாரே, ஒவ்வொரு அங்குலமாக முட்டிப் பார்ப்பார்களா என்று. கூரை ஓட்டை மாதிரி விஷயங்களை அப்படித்தான் பிடித்தார்கள், அது பையன்களின் உழைப்பு. ஆனால் பெரிய கண்டுபிடிப்புகள் பட்டியலைப் படித்து வந்தவை. எதை யாருமே கூப்பிடவில்லையோ அதைத் தேடுவார்கள். ஒரு பாட்டு இருக்கிறது, லெவல் இல்லை. ஓர் அறை இருக்கிறது, கதவு இல்லை. ஓர் அசைவு இருக்கிறது, அதைச் செய்ய ஆள் இல்லை.

---

பெரம்பூர்_ஜெட்பேக் · இரவு 11:41

அசைவு என்றதும் ஞாபகம் வந்தது. இந்த கேமில்தானே ஹாட் காபி என்று ஒரு பெரிய கலாட்டா நடந்தது? அதுவும் இதே கதைதானா?

---

தரமணி_டெஸ்டர் · நள்ளிரவு 12:20

அதே கதைதான், அதன் உச்சம். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமில் சிஜேவுக்குக் காதலிகள் உண்டு. வெளியே கூட்டிப்போய் வீட்டில் விட்டால் சில சமயம் "உள்ளே வந்து காபி சாப்பிடு" என்று அழைப்பார்கள். நமக்குக் காட்டுவது வீட்டின் வெளிப்புறம் மட்டும். கேமரா கொஞ்சம் ஆடும், உள்ளிருந்து சத்தம் வரும். அவ்வளவுதான். ஆனால் உள்ளே நடப்பதையும் அவர்கள் ஒரு படுக்கையறை மினி கேமாகச் செய்திருந்தார்கள். அசைவுகள், குரல், பட்டன் அழுத்தும் முறை எல்லாம் முடிந்த நிலையில். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்து, அழிக்காமல், ஸ்கிரிப்டில் ஒரு ஃப்ளாக் வைத்துப் பூட்டினார்கள்.

பிளேஸ்டேஷன் 2 பதிப்பு வந்தது 2004 அக்டோபரில். கணினிப் பதிப்பு 2005 ஜூனில். கணினிப் பதிப்பு வந்த சில நாட்களிலேயே பேட்ரிக் வில்டன்போர்க் என்ற நெதர்லாந்துக்காரர் ஹாட் காபி என்ற 'மாட்', அதாவது கேமை மாற்றியமைக்கும் ஃபைல், ஒன்றை வெளியிட்டார். அனு சொன்ன அதே `main.scm`. தான் அதில் ஒரே ஒரு பிட்டை மாற்றியதாகவும் மற்றதெல்லாம் டிஸ்கிலேயே இருந்ததாகவும் அவர் சொன்னார். ஒரு பிட் என்றால் பூஜ்யமா ஒன்றா, அவ்வளவுதான்.

கேம் தரப்பு முதலில் இது ஹேக்கர்கள் வேலை என்றது. கணினியை வைத்து மட்டும் பேசினால் அதை உடனே மறுக்க முடியாது, பாருங்கள். கணினியில் எந்த ஃபைலையும் யாரும் மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம். சேர்த்தது எது, முன்பே இருந்தது எது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? முடிச்சை அவிழ்த்தது பிளேஸ்டேஷன் 2. அந்த டிஸ்கில் யாராலும் ஒன்றும் எழுத முடியாது. சீட் கருவி செய்வதெல்லாம் கேம் ஓடும்போது நினைவகத்தில் ஓரிரு எண்களை மாற்றுவதுதான். ஓரிரு எண்களுக்குள் ஒரு முழு மினி கேமை யாரும் கொண்டுவந்து நுழைக்க முடியாது. அந்தக் கருவிக்கான குறியீடு வெளியாகி, கடையில் வாங்கிய டிஸ்கிலேயே அதே காட்சி வந்ததும் வாதம் முடிந்தது.

2005 ஜூலை 20 அன்று அமெரிக்காவில் கேம்களுக்கு வயதுத் தரம் கொடுக்கும் அமைப்பான இஎஸ்ஆர்பி கேமின் தரத்தை, பதினேழு வயதுக்கு மேல் என்ற 'எம்'மிலிருந்து 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று மாற்றியது. அங்கே பெரிய கடைகள் அந்தத் தரத்தில் எதையும் அடுக்கில் வைப்பதில்லை. டிஸ்குகளைத் திரும்பப் பெற்று, அந்தப் பகுதியை நீக்கிய புதிய பதிப்பு போட வேண்டியதாயிற்று. வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின. பங்குதாரர்கள் போட்ட வழக்கு மட்டும் 2009-ல் இரண்டு கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து முடிந்தது. அதற்குப் பிறகு இஎஸ்ஆர்பி, பூட்டி வைத்திருந்தாலும் டிஸ்கில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும் என்று வெளியீட்டாளர்களிடம் கேட்க ஆரம்பித்தது.

---

அனு_அடையாறு · நள்ளிரவு 12:34

ஒரு சிறு சேர்க்கை. அந்த மாட் போட்டும் சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை, "போலி மாட்" என்று திட்டினார்கள். காரணம் சாதாரணமானது. இந்த கேமில் ஸ்கிரிப்டின் பொது மாறிகள் எல்லாம் சேவ் ஃபைலுக்குள்ளும் போய் உட்காரும். ஸ்கிரிப்டில் தொடக்க மதிப்பை மாற்றினாலும், பழைய சேவ் ஃபைலைத் திறந்தால் பழைய மதிப்பே மேலே வந்து எழுதிவிடும். புது ஆட்டம் தொடங்க வேண்டும், இல்லையென்றால் சேவ் ஃபைலையும் திருத்த வேண்டும். "நான் முயன்றேன், வரவில்லை, அதனால் பொய்" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

---

வைரஸ்_வெங்கி · நள்ளிரவு 12:41

எனக்கென்னவோ வேண்டுமென்றே விட்டமாதிரிதான் தோன்றுகிறது. யாராவது கண்டுபிடிக்கட்டும், இலவச விளம்பரம் என்று. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு அழிக்கத் தெரியாதா?

---

தரமணி_டெஸ்டர் · நள்ளிரவு 12:55

டிஸ்குகளைத் திரும்பப் பெற வைத்த விளம்பரம் எந்த ஊர் விளம்பரம் வெங்கி? ஆனால் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு பார்த்தால் எனக்குச் சோம்பலும் பயமும் தெரிகிறது, உங்களுக்குத் திட்டம் தெரிகிறது.

என் சொந்தக் கதை ஒன்று. பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் மொபைல் கேரம் கேம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் டெஸ்டிங் வசதிக்காக முகப்பு லோகோவை ஐந்து முறை தட்டினால் ஒரு மெனு திறக்கும். காயின் ஆயிரம் சேர், எதிராளியைத் தோற்கடி, எந்தப் போர்டுக்கும் போ. வெளியிடும் முன் மூட வேண்டும் என்று நான் பட்டியலில் எழுதினேன். மூடினார்கள். எப்படி? உள்ளே ஒரு `bool`, அதை `false` என்று வைத்தார்கள். அவ்வளவுதான். வெளிவந்து பத்து நாளில் அந்த மெனுவைத் திறந்த வீடியோ வந்துவிட்டது. லோகோவைத் தட்டிக் கண்டுபிடித்ததாக நினைத்தோம். இல்லை. ஆப்பின் மூட்டையான ஏபிகேவைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபங்ஷன் பெயர்களைப் படித்திருக்கிறார்கள். `Debug_AddCoins` என்று நாங்களே பெயர்ப்பலகை மாட்டி வைத்திருந்தோம். ஆயிரக்கணக்கான பெயர்களில் அந்த முதல் ஐந்து எழுத்தைத் தேடினாலே போதும்.

நாங்கள் கேம் கட்டிய யூனிட்டி மென்பொருளில் அதை இப்படி எழுதியிருக்க வேண்டும்:

```
#if UNITY_EDITOR || DEVELOPMENT_BUILD
    OpenTestMenu();
#endif
```

`bool` வைத்தால் கதவைப் பூட்டுகிறோம். அறை வீட்டுக்குள்ளேயே இருக்கும், சாவி செய்ய ஆள் வருவான். `#if` போட்டால் வெளியிடும் பில்டில் அந்த வரியே கம்பைல் ஆகாது. அதுவும் அந்த வரி மட்டும்தான், கவனியுங்கள். மெனுவின் ஃபங்ஷனையும் அதே மாதிரி சுற்றி அடைக்காவிட்டால் அது உள்ளே தங்கிவிடலாம்.

---

மாம்பலம்90 · காலை 7:05

அப்படியென்றால் `#if` போட்டால் ஒன்றும் மிச்சமிருக்காது. பிரச்சினை தீர்ந்தது.

---

தரமணி_டெஸ்டர் · காலை 9:48

நிரல் போகும் சார், பொருள் போகாது. எங்களுக்கு அதிலும் ஒரு அடி கிடைத்தது. `#if` போட்டு அடுத்த பதிப்பு விட்டோம். டெஸ்ட் போர்டு இருந்த சீன், பில்ட் பட்டியலில் டிக் எடுக்காமல் கிடந்தது. டிக் இருந்தால் யாரும் கூப்பிடாவிட்டாலும் அது உள்ளே போகும். பில்டில் சீன்களின் பெயர் `level0`, `level1` என்று வரிசையாக மாறிவிடும். எங்கள் கேமில் வெளியே தெரியும் திரைகள் ஆறு, பிரித்துப் பார்த்தவனுக்குக் கிடைத்தவை ஏழு. கணக்குத் தெரிந்தவனுக்கு அது போதும். இதேபோல் `Resources` என்ற ஃபோல்டரில் போட்டதெல்லாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கேமோடு போய்விடும். அதில் எங்கள் டிசைனர் ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக வைத்து விளையாடிய மெதுவடைப் படம் இருந்தது. அதையும் கண்டுபிடித்துப் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

பெரியவர்களும் இதில் திருந்தியதாகத் தெரியவில்லை. 2021 நவம்பரில் சான் ஆண்ட்ரியாஸ் உட்பட மூன்று பழைய கேம்களைப் புதுப்பித்து விட்டார்கள். கணினிப் பதிப்பைச் சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து எடுத்தார்கள். தவறுதலாக உள்ளே போன ஃபைல்களை நீக்குகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். அதற்குள் ஆட்கள் டெவலப்பர்களின் குறிப்புகளோடு இருந்த ஸ்கிரிப்டை எடுத்துப் படித்துவிட்டார்கள்.

---

பெரம்பூர்_ஜெட்பேக் · இரவு 10:30

இன்று தம்பி மகனின் கணினியில் பழைய பதிப்பைப் போட்டோம். `ROCKETMAN` அடிக்க எனக்குக் கை நடுங்கியது, அவன் சிரித்தான். கூரையில் அந்த இடத்தைப் பிடிக்க இருபது நிமிடம் ஆனது. மேலே போனோம். நகரம் இல்லை, வானம்தான். தொலைவில் வீடுகள்.

சோபா வீடு கிடைத்தது. ஆனால் சோபாவோடு ஒரு டிவியும் இருந்தது. அன்று டிவி இல்லை என்று சத்தியம் செய்வேன். அனு சொன்ன திருட்டு வீடுதானா? இல்லை அன்று பிரவுசிங் சென்டரில் இருந்தது ரிப் டிஸ்கா?

---

அனு_அடையாறு · இரவு 10:52

மேலே போனபோது எத்தனை வீடு தெரிந்தது? அடுத்த முறை அந்த வீட்டின் அருகில் நின்று சேவ் செய்ய முடியாது, ஆனால் ஆயத்தொலைவு காட்டும் சின்ன மாட் ஒன்று போட்டு மூன்று எண்களையும் குறித்து இங்கே போடுங்கள். பட்டியலோடு ஒப்பிட்டால் எந்த அறை என்று தெரிந்துவிடும். டிவிக்கு என்னிடம் பதில் இல்லை.

---

வைரஸ்_வெங்கி · இரவு 10:58

டிவியை பிக்ஃபுட் கொண்டுவந்து வைத்திருப்பான்.

---

குரோம்பேட்டை_ராஜா · இரவு 11:03

அண்ணா, தனி இழை போட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. இன்னும் லோடிங் ஸ்கிரீனிலேயே மூடிக்கொள்கிறது.